வார்டில் தண்ணீர் தேங்கும் தெருக்களை வரைபடமாக்க ஒரு திட்ட முன்மொழிவு எழுதுவது எப்படி

காவிரி டெல்டாவில் ஒரு சிறிய நகராட்சி எங்கள் ஊர். எங்கள் வார்டுக்காக நாங்கள் முதலில் எழுதிய முன்மொழிவு 16 பக்கம் இருந்தது. மழை வந்தால் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு நீல நிறத்தில் குறிக்கப் போகிறோம் என்பதுதான் அதன் சாரம். வாங்கிப் புரட்டிப் பார்த்த நகராட்சிப் பொறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணி நிக்கிற இடம் எனக்கும் தெரியும். அது ஏன் போக மாட்டேங்குதுன்னு உங்க மேப் சொல்லுமா?"

எங்களிடம் பதில் இல்லை. இரண்டாவது முன்மொழிவு 5 பக்கம்தான். ஆனால் அந்தக் கேள்வியை மையமாக வைத்து எழுதியதால் அது வேலைக்கு ஆனது. முதன்முறையாக இப்படி ஒன்றை எழுத உட்காருபவர்களுக்காக, அந்த 5 பக்கத்தில் என்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்று இங்கே சொல்கிறேன்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் தன்னார்வலர்கள், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து, வெள்ளத்தில் மூழ்கிய தெருக்களை மக்களே குறிக்கும் வரைபடம் ஒன்றை நடத்தினார்கள். எந்த வழியாகப் போகலாம், எங்கே போகக் கூடாது என்று அந்த நாட்களில் தெரிந்துகொள்ள அது உதவியது. அதே 2015-ல் தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரத்தில் தொடங்கிய ரமானி ஹூரியா திட்டம் வேறு வழியில் போனது. மாணவர்களும் குடியிருப்புவாசிகளும் தெருத் தெருவாக நடந்து வடிகால்களையே அளந்து வரைபடத்தில் ஏற்றினார்கள். முதல் வகைப் படம் மழை நாளுக்கானது. இரண்டாவது வகைப் படம் மழைக்கு முன்பே பழுது பார்ப்பதற்கானது. நகராட்சியிடம் போகும் முன்மொழிவு இரண்டாவது வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

ஆகவே முதல் பத்தியில் மூன்று கேள்விகளை மட்டும் வையுங்கள். தெருவில் நிற்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அது எங்கே போய்ச் சேர வேண்டும்? வழியில் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது? தெரு விளக்கு, குப்பைத் தொட்டி, மரம் எல்லாவற்றையும் சேர்த்து வரைந்துவிடலாம் என்று குழுவில் யாராவது சொல்வார்கள். இந்த முறை வேண்டாம். ஒரு பருவத்தில் முடிகிற வேலையாக இருந்தால்தான் அடுத்த பருவத்தில் உங்களை நம்புவார்கள்.

வார்டு எல்லையில் நிற்காதீர்கள்

திட்டப் பகுதி என்ற தலைப்பில் எல்லோரும் வார்டு எல்லையைப் போட்டுவிடுவார்கள். தண்ணீருக்கு வார்டு எல்லை கிடையாது. எங்கள் வார்டின் வடிகால் பெரிய ரோட்டைக் கடந்து, பக்கத்து வார்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறமாகப் போய், பாசன வாய்க்காலில் விழுகிறது. அடைப்பு இருந்ததே அந்த மண்டபத்துக்குப் பின்னால்தான். வார்டோடு நிறுத்தியிருந்தால் அது எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

எழுதுவதற்கு முன் ஒரு நாள் காலையில், வடிகால் போய் விழும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள். ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். உள் தெரு வடிகால் நகராட்சியுடையது. நெடுஞ்சாலைத் துறை ரோட்டை ஒட்டிய வடிகாலும் அதன் அடியில் போகும் சிறுபாலமும் பெரும்பாலும் அந்தத் துறையின் பொறுப்பில் இருக்கும். கடைசியில் தண்ணீர் சேரும் வாய்க்கால் நீர்வளத் துறையுடையதாக இருக்கலாம். தூர் வாரச் சொல்லி நகராட்சியில் மனு மேல் மனு கொடுத்தும் நடக்காமல் போவதற்குப் பல இடங்களில் காரணம், அடைத்திருக்கும் துண்டு நகராட்சியுடையதாக இல்லாததுதான். "பொறுப்பு" என்று ஒரு நெடுவரிசை, அளவுகளை எழுதும் உங்கள் அட்டவணையில் கட்டாயம் இருக்கட்டும்.

ஆகவே திட்டப் பகுதியை இப்படி எழுதுங்கள்: "வார்டின் எல்லாத் தெருக்களும், வார்டு வடிகால் வாய்க்காலில் சேரும் இடம் வரையிலான வழியும்."

வரைபடம் போட அனுமதி வேண்டுமா என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, இந்தியர்கள் இப்படிப்பட்ட தரவுகளைச் சேகரிக்க முன் அனுமதி தேவையில்லை. இருந்தாலும் நகராட்சி ஆணையருக்கும் கவுன்சிலருக்கும் எழுத்து மூலம் தகவல் கொடுத்துவிடுங்கள். தெருவில் டேப்போடு நிற்கும்போது, "யார் நீங்க, எதுக்கு அளக்குறீங்க?" என்ற கேள்வி வராமல் இருக்காது.

என்ன அளக்கப் போகிறீர்கள், எப்படி

முன்மொழிவின் உயிர் இந்தப் பகுதிதான். மற்றதைச் சுருக்கமாக எழுதினாலும் இதை விரிவாக எழுதுங்கள்.

தண்ணீர் எவ்வளவு நின்றது என்பதை மக்களிடம்தான் கேட்க வேண்டும். "எத்தனை அடி?" என்று கேட்டால் ஒருவர் இரண்டு என்பார், எதிர்வீட்டுக்காரர் நான்கு என்பார். "எது வரைக்கும் வந்துச்சு, கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். வாசற்படியின் இரண்டாவது படியைக் காட்டுவார்கள், கேட்டில் துருப்பிடித்த கோட்டைக் காட்டுவார்கள். எங்கள் தெருவில் ஒரு அம்மா துணி துவைக்கும் கல்லைக் காட்டி, "இது முங்கிடுச்சு" என்றார். அந்த இடத்திலிருந்து இன்றைய ரோட்டு மட்டம் வரை டேப் வைத்து அளந்தால் 38 சென்டிமீட்டர். கூடவே, அந்த மழைக்குப் பிறகு ரோடு போட்டார்களா என்றும் கேட்க வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டிருந்தால் இன்று அளக்கும் ஆழம் குறைவாகத்தான் காட்டும். அதைக் குறிப்பில் எழுதுங்கள்.

எந்த மழை என்பதும் முக்கியம். தேதி யாருக்கும் நினைவில் இருக்காது, புயலின் பெயர் இருக்கும். கஜா 2018 நவம்பர், நிவர் 2020 நவம்பர், ஃபெஞ்சல் 2024 நவம்பர் கடைசி. பெயரைப் பிடித்துவிட்டால் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் பதிவில் அருகிலுள்ள நிலையத்தின் மழை அளவைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலானது என்பதை மறக்காதீர்கள். புயல் இல்லாத சாதாரண மழைக்கும் தண்ணீர் நிற்கிறதா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். புயலுக்கு மட்டும் நிற்கும் தெருவும், ஒரு மணி நேர மழைக்கே நிற்கும் தெருவும் வேறு வேறு நோயாளிகள்.

அடுத்தது வடிகால். 20 மீட்டருக்கு ஒரு இடத்திலும், அகலம் மாறும் இடம், திரும்பும் இடம், சிறுபாலம் ஆகியவற்றிலும் அளக்க வேண்டும். உள் அகலம், கீழ்த்தளம் வரையிலான ஆழம், வண்டல் எவ்வளவு, சிலாப் போட்டு மூடியிருக்கிறதா, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது. அவ்வளவு போதும்.

வண்டலை அளக்க, சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட ஒன்றரை மீட்டர் இரும்புக் கம்பி வேண்டும். வடிகாலின் மேல் விளிம்பிலிருந்து வண்டலின் மேற்பரப்பு வரை ஒரு அளவு. பிறகு கம்பியை அழுத்தி, டங்கென்று கான்கிரீட்டில் இடிக்கும் வரை இறக்கி இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டல். உள்ளே கிடக்கும் செங்கல்லில் இடித்தால் தப்பான அளவு வரும். அதனால் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் குத்திப் பார்த்து, இருப்பதிலேயே ஆழமானதை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் கான்கிரீட் இல்லாத மண் வாய்க்கால் என்றால் கம்பி இறங்கிக்கொண்டே போகும். அங்கே வண்டல் அளவை எழுதாமல் "மண் தளம்" என்று எழுதுங்கள்.

இங்கே ஒரு விதியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன். யாரும் வடிகாலுக்குள் இறங்கக் கூடாது, மேன்ஹோல் மூடியைத் திறக்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. விஷவாயு ஆளைக் கொல்லும். 2013-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. சிலாப்பை நகர்த்த முடியாத இடத்தில் "பார்க்க முடியவில்லை" என்று எழுதிவிட்டு நகருங்கள். அப்படி எழுதப்பட்ட துண்டும் பொறியாளருக்குப் பயன்படும் தகவல்தான்.

மூன்றாவது, மட்டம். கைப்பேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும், குறுகிய தெருவில் இன்னும் மோசம். உயரத்தை அது காட்டுவதை நம்பவே முடியாது. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவிலும் மீட்டர் கணக்கில் பிழை உண்டு. நமக்கு வேண்டியதோ சென்டிமீட்டர். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய ட்யூப் இதற்குப் போதும். கண்ணாடி போன்ற 20 மீட்டர் ட்யூப் வாங்கி, காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால் தண்ணீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து வடிகாலின் கான்கிரீட் தளம் வரை இரு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் 112, மறுபக்கம் 110 என்றால் இரண்டாவது இடத்தின் தளம் 2 சென்டிமீட்டர் மேடு. முனைகளை மாற்றிப் பிடித்து இன்னொரு முறை அளந்து, 1 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் குமிழ் இருக்கிறது என்று பொருள். வடிகால் முழுவதற்கும் இதைச் செய்யத் தேவையில்லை. தண்ணீர் அதிகம் நிற்கும் நான்கைந்து இடங்களில், அடுத்த சிறுபாலம் வரை மட்டும் செய்தால் போதும்.

ஒரு தெருவை முழுதாகப் பார்ப்போம்

முன்மொழிவோடு ஒரு தெருவின் மாதிரி அளவையும் இணைத்தோம். பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தது அந்தப் பக்கத்தைத்தான்.

எங்கள் குறுக்குத் தெரு ஒன்றில் சாதாரண மழைக்கே கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது, வடிய அரை நாள் ஆனது. "வடிகால் சின்னது, பெருசா கட்டணும்" என்பதுதான் தெருவில் எல்லோருடைய கருத்தும். அளந்தபோது வடிகால் 45 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம், வண்டல் 15 சென்டிமீட்டர். வண்டல் போக முக்கால் பங்கு இடம் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு அது சின்ன வடிகால் இல்லை.

60 மீட்டர் தள்ளி, பெரிய ரோட்டின் அடியில் அது ஒரு குழாய் வழியாகக் கடக்கிறது. குழாயின் விட்டம் 30 சென்டிமீட்டர். இப்போது கணக்கைப் பாருங்கள். வடிகாலின் முழுக் குறுக்குப் பரப்பு 45 பெருக்கல் 60, அதாவது 2,700 சதுர சென்டிமீட்டர். குழாயின் பரப்பு ஏறக்குறைய 707. அதிலும் பாதி வரை வண்டல். திறந்திருப்பது சுமார் 350. கட்டிய வடிகாலில் எட்டில் ஒரு பங்குதான் வாய். போதாததற்கு, குழாயின் வாய்க்குக் குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய் போகிறது, அதில் பிளாஸ்டிக் பைகள் மாட்டிக்கொண்டிருந்தன.

ட்யூபை மூன்று முறை நகர்த்தி மட்டம் பார்த்தோம். தெருவின் தாழ்ந்த இடத்தில் இருக்கும் வடிகால் தளத்தைவிட, ரோட்டடிக் குழாயின் தளம் 6 சென்டிமீட்டர் மேடாக இருந்தது. ஒவ்வொரு முறையும் 1 சென்டிமீட்டர் தவறியிருந்தாலும் மொத்தப் பிழை 3-ஐத் தாண்டாது. எனவே எதிர்ச்சரிவு இருப்பது உறுதி, எவ்வளவு என்பதைப் பொறியாளர் தன் கருவியால் சரிபார்க்க வேண்டும் என்று எழுதினோம். அளவின் பிழையை நாமே சொல்லிவிடுவது முக்கியம். அதைச் சொல்லாத படத்தை எந்தப் பொறியாளரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தெரு வடிகாலைப் பெரிதாகக் கட்டினால் பணம்தான் போகும், தண்ணீர் போகாது. குழாயைச் சுத்தம் செய்தால் வடியும் நேரம் குறையும். முழுத் தீர்வுக்கு ரோட்டடிக் குழாயைத் தாழ்த்திப் பெரிதாக்க வேண்டும், அது நெடுஞ்சாலைத் துறையின் வேலை.

ஆள், நாள், பணம்

எங்கள் வார்டில் தெருக்களின் மொத்த நீளம் 2.6 கிலோமீட்டர், வடிகால் 4 கிலோமீட்டர். 20 மீட்டருக்கு ஒன்று என்றால் 200 இடம், சிறுபாலம், திருப்பம் எல்லாம் சேர்த்து 240. ஒரு இடத்துக்கு 4 நிமிடம் வைத்தால் 16 மணி நேரம் ஆகும். ஆனால் தெருவில் பேச்சு வரும், சிலாப் நகராது, கம்பி வளையும். அதை இரண்டால் பெருக்கி 32 மணி நேரம் என்று போடுங்கள். காலை 6.30 முதல் 9.30 வரை இரண்டு குழுக்கள் இறங்கினால் 6 காலைகள், அதாவது மூன்று வார இறுதிகள். வீடுகளில் கேட்பதற்கு 50 மீட்டருக்கு ஒரு வீடு என்று 52 வீடுகள், தலா 10 நிமிடம், மூன்று மாலைகள். மொத்தம் 8 பேர்.

செலவு 18,000 ரூபாய்க்குள் அடங்கியது. ரப்பர் பூட்ஸ் 6 ஜோடி 2,700. கம்பி, டேப், ட்யூப், கையுறை, சுண்ணக்கட்டி 3,400. அச்சும் பெரிய வரைபடமும் 4,000. தேநீர், சிற்றுண்டி 4,320. மீதி 1,580 கைக்காவல். இவற்றோடு ஒரு 2,000 ரூபாய், பணி ஓய்வு பெற்ற தூய்மைப் பணியாளர் ஒருவருக்கு நான்கு அரை நாள் கூலி. இந்த வரியை யாரும் வெட்ட விடாதீர்கள். எந்தச் சிலாப்புக்குக் கீழே வடிகால் திரும்புகிறது, எங்கே இரண்டு சாக்கடை ஒன்று சேருகிறது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. காகிதத்தில் எங்கும் இல்லை. அவரை "தகவல் தருபவர்" என்று எழுதாமல் குழு உறுப்பினராக எழுதி, கூலியும் கொடுங்கள்.

மாதக் கணக்கை மழையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்கு முன் தூர் வாரும் வேலை நடக்க வேண்டுமென்றால் படம் செப்டம்பர் நடுவில் கைக்குப் போக வேண்டும். ஜூனில் முன்மொழிவு, ஜூலை, ஆகஸ்டில் அளவு. அக்டோபரில் ஒப்படைக்கும் படம் அடுத்த வருடத்துக்குத்தான் ஆகும்.

எதைப் பொதுவில் வைப்பது

தெருவில் வரும் முதல் பயம், "என் வாசல் சாய்தளத்தை இடிக்கவா அளக்குறீங்க?" என்பதுதான். அந்தப் பயம் நியாயமானது. வடிகாலின் மேல் சாய்தளம் கட்டியவர்கள், கழிவுநீரை அதில் விட்டவர்கள் எல்லாம் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருவில் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. முன்மொழிவிலேயே எழுதுங்கள்: வீட்டு எண், பெயர், தொலைபேசி எண் எதுவும் படத்தில் வராது. கழிவுநீர் கலப்பது தெருத் துண்டு அளவில் மட்டும் குறிக்கப்படும். இதைப் பகுதி சபைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

கைப்பேசியில் பதிய கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசப் படிவம் போதும். இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், தமிழில் கேள்வி எழுதலாம். மாறாத விஷயங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுங்கள். வடிகாலைத் தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும். சிலாப் போட்டு மூடிய வடிகாலுக்கு இந்தக் குறிச்சொற்களைப் போடுங்கள், அளவு மீட்டரில்:

```
waterway=drain
covered=yes
width=0.45
depth=0.6
```

ரோட்டடிக் குழாய்த் துண்டுக்கு `tunnel=culvert`, அடிக்கடி தண்ணீர் நிற்கும் தெருவுக்கு `flood_prone=yes`. வண்டல், அடைப்பு போன்றவை ஒரு மழையில் மாறிவிடும். அவற்றைத் தேதியோடு உங்கள் அட்டவணையில் மட்டும் வைத்திருங்கள்.

ஒப்படைப்பது

கடைசிப் பத்தியில் மூன்று பொருளை வாக்குக் கொடுங்கள். ஒரு பெரிய அச்சு வரைபடம், ஒவ்வொரு வடிகால் துண்டுக்கும் பொறுப்பும் வண்டலும் எழுதிய அட்டவணை, "இந்த 10 இடங்களை முதலில்" என்ற ஒரு பக்கப் பட்டியல். அலுவலக மேசையில் கடைசி வரை தங்குவது அந்த ஒரு பக்கம்தான். அதில் ஒவ்வொரு வரியிலும் இடம், காரணம், அளவு, யார் பொறுப்பு என்ற நான்கும் இருக்கட்டும். நெடுஞ்சாலைத் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் உரிய வரிகளைத் தனித்தனிக் கடிதமாக அவரவருக்கு அனுப்பி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

மழை நாளுக்கும் ஒரு வரி வேண்டும். பட்டியலில் உள்ள 10 இடங்களில் சுவரில் பெயின்ட்டால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, எதிர்வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். முதல் பெரிய மழையில் தண்ணீர் எந்தக் கோடு வரை வந்தது, எத்தனை மணிக்கு வடிந்தது என்று அவர் வீட்டு வாசலில் நின்றே படம் எடுத்து அனுப்பினால் போதும். குறுக்குத் தெருவில் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர், துவைக்கும் கல்லைத் தொட்டுக் காட்டிய அந்த அம்மாதான். ரோட்டடிக் குழாயில் வண்டலை வாரிய பிறகு வந்த முதல் மழையில் அவர் அனுப்பிய படத்தில் தண்ணீர் இரண்டாவது கோட்டைத் தொடவில்லை, இரண்டரை மணி நேரத்தில் வடிந்திருந்தது. எதிர்ச்சரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்பிய கடிதத்துக்கு இந்த வருடமும் நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம், அவருடைய படங்களை இணைத்து.